செவிலியரின் ஏற்புரை: மூன்று நிமிடத்தில் நன்றி சொல்லி முடிப்பது எப்படி?

மே 12 உலகச் செவிலியர் தினம். அன்று விழா எடுக்கும் மருத்துவமனைகளில் விருது பெறுபவர் யார் என்பது சில நாள்களுக்கு முன்பே முடிவாகிவிடும். கூடவே ஒரு தகவலும் வரும்: “சிஸ்டர், விருது வாங்கியதும் நீங்கள் மூன்று நிமிடம் ஏற்புரை ஆற்ற வேண்டும்.” வார்டில் எத்தனையோ நெருக்கடிகளைப் பதறாமல் கையாண்டவர்கள்கூட இந்த மூன்று நிமிடத்தை நினைத்துக் கலங்குவதைச் செவிலியர் கல்லூரியில் கற்பிக்கும் நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். மேடைக் கூச்சத்தைவிட, யாரையாவது விட்டுவிடுவோமோ என்ற பயமே அவர்களை அதிகம் வாட்டுகிறது. அந்தப் பயத்தில் பேச்சு பெயர்ப் பட்டியலாக நீள்கிறது. மூன்று நிமிடம் பத்தாகிறது. உண்மையிலேயே நன்றிக்குரியவரின் பெயர் பட்டியலின் நடுவில் எங்கோ காணாமல் போகிறது.

முதல்முறையாக ஏற்புரை ஆற்றப்போகும் செவிலியருக்காக இதை எழுதுகிறேன். படிப்படியாகப் போவோம். புரிவதற்கு எளிதாக ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கான கங்காரு பராமரிப்பைத் தம் பிரிவில் இரவு பகலாக நடக்கச் செய்ததற்காக அவருக்கு விருது.

நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன் விழா ஏற்பாட்டாளரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எனக்கு எத்தனை நிமிடம்? எனக்கு முன்னும் பின்னும் பேசுபவர்கள் யார்? தனியாக நன்றியுரை உண்டா?

மூன்றாவது கேள்விதான் உங்கள் பேச்சைப் பாதியாகக் குறைக்கும். நம் ஊர் விழாக்களில் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் இருப்பார். சிறப்பு விருந்தினருக்கும், நன்கொடை தந்தவர்களுக்கும், பந்தல் போட்டவருக்கும், ஒலிபெருக்கி அமைத்தவருக்கும், தேநீர் கொடுத்தவருக்கும் நன்றி சொல்வது நன்றியுரை ஆற்றுபவரின் வேலை. அதை நீங்கள் முந்திக்கொண்டு செய்தால் கூட்டம் ஒரே பட்டியலை இரண்டு முறை கேட்க நேரிடும். நன்றியுரை தனியாக உண்டு என்று தெரிந்துவிட்டால் அத்தனை பேரையும் நிம்மதியாக அவரிடம் விட்டுவிடலாம். உங்களுக்குத் தோன்றும் பெயர்களை முதல் நாளே அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் கேள்விக்குச் சில சமயம் “நீங்கள் பேச வேண்டியதே இல்லை” என்றுகூட பதில் வரும். மத்திய சுகாதார அமைச்சகம் 1973இல் ஏற்படுத்திய தேசிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விருதைக் குடியரசுத் தலைவர் வழங்குவார். பெயர் வாசிக்கப்பட்டதும் சென்று விருதைப் பெற்றுக்கொள்வதுதான் அந்த நிகழ்ச்சி. அத்தகைய விருது வாங்கியவர் பேச வேண்டிய இடம், ஊர் திரும்பியதும் சொந்த மருத்துவமனையில் நடக்கும் பாராட்டுக் கூட்டம்தான். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் உங்களைத் தெரிந்தவர்கள். அதனால் அங்கேதான் பேச்சு நீளும் அபாயமும் அதிகம்.

நேரம் எதுவும் சொல்லப்படவில்லை என்றால் மூன்று நிமிடம் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 80 முதல் 100 சொற்கள் ஓடும். கைதட்டலுக்கும் மூச்சு வாங்கவும் இடம் விட்டால் உங்கள் கையில் இருப்பவை 220, 230 சொற்கள். கோடு போட்ட தாளில் ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டும் அளவு, அவ்வளவுதான். அவையில் இருக்கும் செவிலியர்களில் சிலர் இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்திருப்பார்கள். சிலர் இனிமேல்தான் வார்டுக்குப் போக வேண்டும். நேரத்தில் முடிப்பதும் அவர்களுக்குச் சொல்லும் நன்றிதான்.

விளிப்பை ஒரே வாக்கியத்தில் முடியுங்கள்

“மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களே, மதிப்பிற்குரிய நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களே, மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களே, நிலைய மருத்துவ அலுவலர் அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களே…” இப்படித் தொடங்கினால் மூன்றில் ஒரு நிமிடம் விளிப்பிலேயே கரைந்துவிடும். உங்களுக்கு முன் பேசிய அத்தனை பேரும் இதே வரிசையைச் சொல்லியிருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மேடையில் மிக உயர்ந்த பொறுப்பில் இருக்கும் ஒருவரைப் பதவியால் அழையுங்கள். மற்றவர்களை ஒரு தொடரில் சேர்த்துவிடுங்கள். அவையில் இருக்கும் சக செவிலியர்களைத் தனியாகக் குறிப்பிடுங்கள். “மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்திருக்கும் என் சகோதரிகளுக்கும் வணக்கம்.” மரியாதையில் இதில் எந்தக் குறையும் இல்லை. வரிசை தவறிவிட்டது என்ற மனத்தாங்கலுக்கும் இடமில்லை, ஏனென்றால் வரிசையே இல்லை.

எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள், பிறகு மூன்றாகக் குறையுங்கள்

ஒரு தாளில் நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றும் எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். தயங்காமல் எழுதுங்கள். படிப்பித்த ஆசிரியர், முதல் பணியிடத்தில் ஊசி போடக் கற்றுக்கொடுத்த மூத்த சிஸ்டர், தலைமைச் செவிலியர், மருத்துவர்கள், தூய்மைப் பணியாளர், மருந்தாளுநர், கணவர், அம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா என்று முப்பது பெயர் வரலாம். வரட்டும். அந்தத் தாள் பிறகும் பயன்படும்.

அடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இந்த விருதுக்குக் காரணமான வேலை இவர் இல்லாமல் நடந்திருக்குமா? இவர் செய்த ஒரு செயலை ஒரே வாக்கியத்தில் என்னால் சொல்ல முடியுமா?

முதல் கேள்வியில் பட்டியல் பெருமளவு சுருங்கிவிடும். விருது உங்கள் முழு வாழ்க்கைக்கும் கிடைத்ததல்ல, குறிப்பிட்ட ஒரு பணிக்குக் கிடைத்தது. நம் எடுத்துக்காட்டில் அது கங்காரு பராமரிப்பு. கல்லூரி ஆசிரியருக்கு நீங்கள் வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டவராக இருக்கலாம். ஆனாலும் இந்தக் கதையில் அவர் வரவில்லை. வாழ்நாள் சாதனையாளர் விருதாக இருந்தால் இதே கேள்வியை வேறு விதமாகக் கேளுங்கள்: என் பணிவாழ்வின் திசையை மாற்றியவர்கள் யார்?

இரண்டாவது கேள்வி இன்னும் கண்டிப்பானது. “அவர் எனக்கு எப்போதும் உறுதுணையாக இருந்தார்” என்பதற்கு மேல் எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால், அவருக்குச் சொல்லும் நன்றியும் அவையில் யார் மனத்திலும் தங்காது. செயல் நினைவுக்கு வருபவர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் போதும். நான்காவது ஆளைச் சேர்த்தால் கேட்பவர்கள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று அவர்கள் யோசிக்கும்போது யாருடைய பெயரும் காதில் விழாது.

மூவரில் ஒருவராவது மேடையில் இடம் கிடைக்காதவராக இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. கண்காணிப்பாளரின் பெயரை அன்று எல்லாரும் சொல்வார்கள். தூய்மைப் பணியாளரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும் வாய்ப்பு உங்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தால் அந்த இடம் அங்கன்வாடிப் பணியாளருக்கு உரியதாக இருக்கலாம். தடுப்பூசிக்கு வராத வீடு எது என்று முதலில் தெரிந்துகொள்பவர் பல ஊர்களில் அவர்தான்.

மீதமுள்ளவர்களைக் குழுவாகச் சொல்லுங்கள். “மூன்று பணிநேரத்துச் செவிலியர்கள்” என்றால் அதில் இருபது பேரும் அடங்கிவிடுவார்கள், ஒருவரும் விடுபடமாட்டார். ஆனால் குழுவில் ஐந்து பேரை மட்டும் பெயர் சொல்லி மற்றவர்களை “மற்றும் பலர்” என்று விட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து, விழாவுக்குப் பிறகு வார்டில் எழும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை இந்த “மற்றும் பல”ரில்தான் தொடங்குகின்றன. ஒரு குழுவை முழுவதுமாகப் பெயரால் சொல்ல வேண்டும், அல்லது முழுவதுமாகக் குழுப் பெயரால் சொல்ல வேண்டும்.

குடும்பத்துக்கு ஒரு வாக்கியம். அதிலும் செயல் வேண்டும்.

நன்றியைச் செயலாகச் சொல்லுங்கள்

பேச்சு வளவளவென்று ஆவதற்கு நம் மேடைத் தமிழின் பழக்கமும் ஒரு காரணம். “எனக்கு எப்போதும் ஊக்கமாகவும் உறுதுணையாகவும் நல்ல வழிகாட்டியாகவும் தாயினும் சாலப் பரிவுடையவராகவும் விளங்கிய எங்கள் தலைமைச் செவிலியர் அவர்களுக்கு என் மனமார்ந்த, இதயம் கனிந்த நன்றியை இத்தருணத்தில் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்.” இருபதுக்கும் மேற்பட்ட சொற்களில் அவர் என்ன செய்தார் என்பது மட்டும் வரவில்லை. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், “அவருக்கும், இவருக்கும், இன்னாருக்கும்” என்று அடுக்கிக்கொண்டே போனால் “நன்றி” என்ற சொல் வருவதற்குள் முதலில் சொன்ன பெயர் கேட்பவருக்கு மறந்துவிடும். அதனால் ஒருவரைப் பற்றிச் சொல்லி வாக்கியத்தை முடியுங்கள். பிறகு அடுத்தவருக்குப் போங்கள்.

நல்ல நன்றி வாக்கியத்தில் மூன்று கூறுகள் இருக்கும். என்ன தடை இருந்தது, அவர் என்ன செய்தார், அதனால் என்ன மாறியது. செவிலியருக்கு இது புதிய வித்தையே இல்லை. பணிநேரம் மாறும்போது படுக்கை அருகே நின்று “ஓவர்” கொடுக்கிறீர்கள் அல்லவா? இரவில் என்ன நடந்தது, என்ன செய்தோம், இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு நோயாளிக்குச் சில வரிகளில் முடித்து அடுத்த படுக்கைக்கு நகர்கிறீர்கள். அந்தச் சுருக்கமும் தெளிவும்தான் இங்கேயும் வேண்டும்.

நம் செவிலியரின் தலைமைச் செவிலியரை எடுத்துக்கொள்வோம். தடை: இரவில் தாய்மார்களை உள்ளே விட்டால் வேலை கெடும், தொற்று வரும் என்று எல்லாரும் தயங்கினார்கள். செயல்: முதல் வார இரவுப் பணியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு உடன் நின்றார். மாற்றம்: அதன் பிறகு யாரும் தயங்கவில்லை. இந்த மூன்றையும் சொல்லிவிட்டு “நன்றி, மேடம்” என்றால் போதும். ஊக்கம், உறுதுணை, வழிகாட்டி எல்லாம் சொல்லாமலே விளங்கிவிடும்.

எழுதி முடித்த வரைவில் சில சொற்களைத் தேடிப் பாருங்கள். “மேலும்”, “அதேபோல”, “இத்தருணத்தில்”, “சொல்லிக்கொண்டே போகலாம்”, “வார்த்தைகளே இல்லை”. இவை வரும் இடங்களில்தான் பேச்சு தடம் மாறும். பெரும்பாலும் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடலாம்.

இன்னொரு பொறி, வேலையைப் பற்றிய பாடம். கங்காரு பராமரிப்பு 1978 வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது. எடை குறைந்த குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை இதைத் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இவையெல்லாம் முக்கியமான செய்திகள்தாம். ஆனால் அவற்றுக்கான இடம் பயிற்சி வகுப்பு. ஏற்புரையில், குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைத்திருக்கும் முறை என்று ஒரு தொடரில் விளக்கினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் புரியும்.

நோயாளியைப் பற்றிப் பேசும்போது

செவிலியரின் பேச்சில் ஒரு நோயாளி வருவது இயல்பு. மற்றவர்களின் ஏற்புரைக்கு இல்லாத கட்டுப்பாடு உங்கள் ஏற்புரைக்கு இங்கேதான் வருகிறது. நோயாளியின் விவரங்களைக் காக்க வேண்டிய கடமை மேடையிலும் தொடர்கிறது. பெயரைச் சொல்லாமல் விட்டால் மட்டும் போதாது. “போன பொங்கலுக்கு மறுநாள், மலைக்கிராமத்திலிருந்து வந்த இரட்டைக் குழந்தைகள்” என்றால் சிறிய மாவட்டத்தில் அந்தக் குடும்பம் யார் என்று பாதி அவைக்குத் தெரிந்துவிடும். ஊர், நாள், அபூர்வமான நோயின் பெயர், கணவரின் தொழில் ஆகிய நான்கையும் நீக்குங்கள். நீக்கிய பிறகும் கதை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள். நோயாளியே அவைக்கு வந்திருந்தாலும், முன்கூட்டியே கேட்டு அவர் மனமாரச் சம்மதித்தாலன்றி அவரைக் காட்டிப் பேசாதீர்கள். விழாவில் உடனடியாகக் கேட்டால் மறுக்கும் துணிவு அவருக்கு இருக்காது.

இறப்பைப் பற்றி இந்த மூன்று நிமிடத்தில் பேச வேண்டாம் என்றே சொல்வேன். இழந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அவையில் இருக்கக்கூடும். அதற்குத் தர வேண்டிய நேரமும் அமைதியும் பாராட்டு விழாவில் கிடைக்காது.

நோயாளிக்கு நன்றி சொல்வதாக இருந்தால் அவர் செய்த ஒன்றுக்காகச் சொல்லுங்கள். அவர் பிழைத்ததற்காகச் சொன்னால் அது உங்களை நீங்களே புகழ்ந்துகொள்வதாக ஆகிவிடும்.

கோரிக்கை வைக்கலாமா?

ஆள் பற்றாக்குறையும் இடமாற்றமும் ஒப்பந்தச் செவிலியர்களின் ஊதியமும் எல்லார் மனத்திலும் இருக்கின்றன. எதிரே ஆட்சியர் உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்லாமல் எப்படி இறங்குவது என்று தோன்றும். அந்தப் பிரச்சினைகளை மனுவாகக் கொடுங்கள், சங்கத்தின் வழியாகப் பேசுங்கள். மூன்று நிமிடத்தில் தொட்டால் அவற்றுக்கும் நியாயம் கிடைக்காது, நன்றிக்கும் நியாயம் கிடைக்காது. ஆனால் மேடையில் இருக்கும் ஒருவரால் உடனே செய்யக்கூடிய, எண்ணிக்கையோடு சொல்லக்கூடிய ஒரு சின்ன வேண்டுகோளை ஒரே வாக்கியத்தில் வைக்கலாம். “இன்னும் இரண்டு சாய்வு நாற்காலிகள் வேண்டும்” என்பது அத்தகையது. செவிலியர் கண்காணிப்பாளரிடம் முன்னதாகச் சொல்லிவிட்டு வையுங்கள். அவருக்கே தெரியாத கோரிக்கை மேடையில் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

முழுப் பேச்சு

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்தால் நம் செவிலியரின் ஏற்புரை இப்படி அமையும். பெயர் வர வேண்டிய இடங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

> மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்திருக்கும் என் சகோதரிகளுக்கும் வணக்கம்.
>
> எடை குறைந்து பிறந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு, எங்கள் பிரிவில் இப்போது இரவிலும் நடக்கிறது. அந்த வேலைக்குத்தான் இந்த விருது. அது நடப்பதற்குக் காரணமான மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறேன்.
>
> எங்கள் தலைமைச் செவிலியர் (பெயர்) அவர்கள். இரவில் தாய்மார்களை உள்ளே அனுமதிக்க நாங்கள் எல்லாரும் தயங்கினோம். முதல் வார இரவுப் பணியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு எங்களோடு நின்றார். அதன் பிறகு யாரும் தயங்கவில்லை. நன்றி, மேடம்.
>
> எங்கள் பிரிவின் தூய்மைப் பணியாளர் (பெயர்) அக்கா. மழைக்காலத்தில் குழந்தையைக் கட்டும் துணிகள் காயாமல் கிடந்தன. மாலையிலேயே அவற்றைச் சலவைப் பகுதிக்குக் கொண்டுபோய், விடிவதற்குள் காய்ந்த துணிகளை எண்ணி அடுக்கி வைத்தவர் அவர். துணி இல்லை என்று ஒரு தாயைக்கூட நாங்கள் காத்திருக்க வைக்கவில்லை. நன்றி, அக்கா.
>
> மூன்றாமவர் ஒரு தாய். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். தன் குழந்தையைத் தொடவே பயந்தவர் அவர். பயம் தெளிந்ததும், பக்கத்துப் படுக்கையில் அழுதுகொண்டிருந்த இன்னொரு தாய்க்குக் குழந்தையை எப்படி அணைப்பது என்று தானே காட்டிக்கொடுத்தார். நாங்கள் நெடுநேரம் விளக்கியும் புரியாதது அவர் காட்டியதும் புரிந்தது. அன்று முதல், புதிதாக வரும் தாய்க்கு முன்பே வந்த தாய் சொல்லிக்கொடுப்பது எங்கள் பிரிவின் வழக்கமாகிவிட்டது. அவருக்கு என் நன்றி.
>
> எங்கள் மருத்துவர்களுக்கும் மூன்று பணிநேரத்துச் செவிலியர்களுக்கும் இந்த விருதில் பங்கு உண்டு. இந்த நேரத்தில் வார்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரிகளால்தான் நான் இங்கே நிற்க முடிகிறது. நான் இரவுப் பணிக்குப் போன நாள்களில் என் பிள்ளைகளுக்குச் சோறூட்டித் தூங்க வைத்த என் மாமியாருக்கும் நன்றி.
>
> எங்கள் பிரிவில் சாய்வு நாற்காலிகள் நான்கு இருக்கின்றன. இன்னும் இரண்டு கிடைத்தால் ஒரே நேரத்தில் ஆறு தாய்மார்கள் உட்கார முடியும். வணக்கம்.

நிதானமாகப் படித்தால், கைதட்டலும் சேர்த்து மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பேச்சில் “நான்” எவ்வளவு குறைவாக வருகிறது என்று பாருங்கள். ஆனாலும் இந்தச் செவிலியர் என்ன செய்தார் என்பது அவைக்குத் தெளிவாகத் தெரிகிறது. விருது எதற்கு என்பதை இரண்டாவது பத்தியிலேயே சொன்னதும் “மூன்று பேர்” என்று முன்கூட்டியே அறிவித்ததும் முக்கியம். எண்ணிக்கை தெரிந்துவிட்டால் கேட்பவர் பொறுமையாகக் கேட்பார், பேசுபவருக்கும் நான்காவது பெயரைச் சேர்க்கும் ஆசை வராது. நாற்காலிக் கோரிக்கை உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, வார்டில் இருக்கும் சகோதரிகளைப் பற்றிய வாக்கியத்தைக் கடைசிக்குக் கொண்டுவந்து முடிக்கலாம்.

அட்டையும் ஒத்திகையும்

முழுப் பேச்சையும் தாளில் வைத்துப் படிக்க வேண்டாம். கை நடுக்கம் பெரிய தாளில் நன்றாகவே தெரியும். ஏ4 தாளில் கால் பங்கு அளவுள்ள கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் குறிப்பு மட்டும் எழுதுங்கள். நம் செவிலியரின் அட்டையில் இருப்பவை இவ்வளவுதான்: தலைமைச் செவிலியரின் முழுப் பெயர், “முதல் வார இரவு”, அக்காவின் முழுப் பெயர், “துணி, மழை”, “தாய், பெயர் வேண்டாம்”, “மருத்துவர், மூன்று பணிநேரம், வார்டில் இருப்பவர்கள்”, “மாமியார்”, “நாற்காலி 2”. தினமும் அழைக்கும் பெயர்தானே என்று விட்டுவிடாதீர்கள். பதற்றத்தில் முதலில் மறப்பது தெரிந்த பெயர்தான். அக்கா என்று மட்டுமே அழைத்துப் பழகியவரின் முழுப் பெயரையும் சரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் இருப்பதை அட்டை பார்த்துச் சொந்த வார்த்தைகளில் சொல்லலாம்.

ஒத்திகையை நின்றுகொண்டு, குரல் விட்டுப் பேசிச் செய்யுங்கள். கைபேசியில் பதிவு செய்து நேரத்தைப் பாருங்கள். மனத்துக்குள் படிக்கும்போது நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் வேகத்தைக் கூட்டாதீர்கள், ஒரு வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். பதிவைக் கேட்கும்போது எந்த இடத்தில் உங்களுக்கே கவனம் சிதறுகிறதோ அந்த இடத்தில் கை வையுங்கள். அழுகை வரக்கூடிய இடத்தைப் பல முறை பேசிப் பாருங்கள். முற்றிலும் நிற்காது, ஆனால் எங்கே வரும் என்று தெரிந்துவிடும்.

மேடையில்

விருது வாங்கியதும் உங்கள் கையில் கேடயம், சான்றிதழ், பூங்கொத்து எல்லாம் இருக்கும், தோளில் பொன்னாடை நழுவிக்கொண்டிருக்கும். அப்படியே ஒலிபெருக்கிக்குப் போனால் அட்டையை எடுக்கக் கை இருக்காது. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள ஒரு தோழியை மேடையின் படி அருகே நிற்கச் சொல்லி வையுங்கள். கண்ணாடி அணிபவர் அதை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். யார் பெயரைச் சொல்கிறீர்களோ அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள். கைதட்டல் எழுந்தால் அது அடங்கும்வரை காத்திருங்கள். அந்தக் கைதட்டல் அவருக்கு உரியது, அதன்மேல் பேசாதீர்கள்.

பேசும்போது எதிரே தெரியும் முகங்கள் உங்களை இழுக்கும். “அதோ, எங்கள் பழைய சூப்பிரண்டெண்டன்ட் மேடமும் வந்திருக்கிறார்” என்று ஒருவரைச் சேர்த்தால் பக்கத்தில் இருப்பவரையும் சேர்க்க வேண்டிவரும். அட்டையில் இல்லாத பெயர் பேச்சிலும் வேண்டாம். உங்களைப் பாராட்டிப் பேசியவர்களுக்கு மேடையிலேயே பதில் சொல்லவும் வேண்டாம்.

அட்டை இருந்தும் பெயர் வாயில் வரவில்லை என்றால் பதவியைச் சொல்லுங்கள். “எங்கள் தலைமைச் செவிலியர்” என்றால் எல்லாருக்கும் தெரியும். குரல் தழுதழுத்தால் நிறுத்துங்கள், மன்னிப்புக் கேட்காதீர்கள், மூச்சை இழுத்துவிட்டு அட்டையின் அடுத்த வரிக்குப் போங்கள். சில நொடிகள் அமைதியாக நின்றால் அவைக்குத் தவறாகத் தெரியாது. நீங்கள் சொல்ல நினைத்ததை முன்னால் பேசியவரே சொல்லிவிட்டால், “அவர் சொன்ன அந்த இரவுப் பணியைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்; நன்றி, மேடம்” என்று ஒரே வரியில் கடந்துவிடலாம். கிடைத்த நேரம் உங்களுக்கு மிச்சம்.

விழா தாமதமாகி, தொகுப்பாளர் காதருகே வந்து “ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள், சிஸ்டர்” என்று சொல்வதும் அடிக்கடி நடக்கும். அதற்கு ஒரு குறும்பதிப்பைத் தயாராக வைத்திருங்கள். அதில் மூவரையும் அவசரமாகச் சொல்ல முயலாதீர்கள். ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் செவிலியர் யாரை வைத்துக்கொள்வார் என்று கேட்டால், நான் அக்காவைத்தான் சொல்வேன்: “எல்லாருக்கும் வணக்கம். இந்த விருது எங்கள் பிரிவின் கங்காரு பராமரிப்புக்குக் கிடைத்தது. மழைக்காலத்திலும் விடிவதற்குள் காய்ந்த துணிகளை எண்ணி அடுக்கி வைத்த (பெயர்) அக்கா இல்லை என்றால் அந்த வேலை நின்றுபோயிருக்கும். அவருக்கும், எங்கள் பிரிவில் மூன்று பணிநேரத்திலும் உழைக்கும் எல்லாருக்கும் நன்றி. வணக்கம்.” தலைமைச் செவிலியரிடம் முன்பே பேசி வைத்திருந்தால் அவர் வருத்தப்பட மாட்டார்.

இறங்கிய பிறகு ஒருவரை விட்டுவிட்டது நினைவுக்கு வந்தால் மீண்டும் ஒலிபெருக்கியைக் கேட்காதீர்கள். நேராக அவரிடம் சென்று சொல்லுங்கள். முதலில் எழுதிய அந்த முப்பது பெயர்த் தாள் பிறகும் பயன்படும் என்று இதற்காகத்தான் சொன்னேன். மேடையில் வராத பெயர்களை ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைத்து, அவர் செய்த அந்த ஒரு செயலைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். ஓய்வு பெற்றுவிட்ட ஆசிரியரிடமிருந்து தொடங்குங்கள்.